மெலிவும் பின்தங்கலும்: சற்றே மின்கடத்தும் ஊடகத்தில் தள அலை பற்றிய புரிதல் வளர்ந்த வரலாறு

முன்னுரை

மின்காந்த அலை வெற்றிடத்தில் செல்லும்போது அதன் மின்புலமும் காந்தப்புலமும் ஒரே கணத்தில் உச்சம் தொடுகின்றன, ஒரே கணத்தில் சுழியாகின்றன. தள அலையாக இருக்கும்வரை எவ்வளவு தொலைவு சென்றாலும் அதன் வீச்சு குறைவதில்லை. ஊடகம் சிறிதளவேனும் மின்சாரத்தைக் கடத்துமானால் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நிகழ்கின்றன. அலை போகப்போக மெலிகிறது. காந்தப்புலம் மின்புலத்துக்குச் சற்றுப் பின்தங்கி உச்சத்தை அடைகிறது.

பாடநூல்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் இரு சூத்திரங்களாகத் தந்துவிடுகின்றன. வரலாற்றில் அவை ஒரே நாளில் தோன்றவில்லை. மெலிவுக்கான கணக்கு 1865 முதல் இருந்தது. பின்தங்கலின் பொருள் தெளிவாக இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதை வானொலிப் பொறியியல் கையாளும் அளவாக ஆக்கிக்கொண்டது 1930களில்தான். மெலிவு ஊடகத்தின் மொத்த இழப்பைச் சொல்கிறது. பின்தங்கலோ அந்த இழப்பு மின்பக்கத்தில் நேர்கிறதா, காந்தப்பக்கத்தில் நேர்கிறதா என்பதைச் சொல்கிறது. இந்த வேறுபாடு எப்படிப் படிப்படியாகத் தெளிவுபெற்றது என்பதை இக்கட்டுரை பின்தொடர்கிறது. இறுதியில் அண்டார்டிகப் பனிப்பாளத்தை எடுத்துக்கொண்டு, இக்கருத்துகள் எங்கே துல்லியமாக உதவுகின்றன, எங்கே ஏமாற்றுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டுகிறது.

1. மாக்ஸ்வெல்லும் தங்கத்தகடும்

ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1865இல் வெளியிட்ட மின்காந்தப் புலம் பற்றிய கட்டுரையிலேயே மின்தடைக்கும் ஒளிபுகும் தன்மைக்கும் உள்ள தொடர்பு பேசப்படுகிறது. 1873இல் வந்த அவருடைய பெருநூல் அதே சிக்கலை இன்னும் விரிவாக எடுத்துக்கொண்டது. ஒளி மின்காந்த அலைதான் என்றால், மின்சாரத்தைக் கடத்தும் பொருள் ஒளியை விழுங்க வேண்டும். அலையின் மின்புலம் அப்பொருளில் மின்னோட்டத்தை எழுப்பும். அந்த மின்னோட்டம் வெப்பமாக வீணாகும். அந்த ஆற்றலை அலைதான் கொடுத்தாக வேண்டும்.

இதை இன்றைய குறியீட்டில் எழுதுவோம். z திசையில் செல்லும் அலையின் மின்புலம்

E = E₀ e^(−αz) cos(ωt − βz)

என்க. α மெலிவு எண். β ஒரு மீட்டருக்கு எத்தனை ரேடியன் கட்டம் மாறுகிறது என்பதைக் குறிப்பது. ஊடகத்தின் கடத்துதிறன் σ, விடுதிறன் ε, உட்புகுதிறன் μ. அலைச்சமன்பாட்டில் இதை இட்டால் இரண்டு நிபந்தனைகள் கிடைக்கின்றன:

β² − α² = ω²με
2αβ = ωμσ

மாக்ஸ்வெல்லின் நூலில், அவர் காலத்து அலகுகளில், இருப்பவை இவையே. இரண்டாவது நிபந்தனையிலிருந்து α = μσv/2 என்பது உடனே வருகிறது; இங்கே v = ω/β, அலையின் வேகம். ஊடகம் சற்றே மின்கடத்தும்போது v ஏறத்தாழ 1/√(με)தான். ஆகவே

α ≈ (σ/2) √(μ/ε)

இதில் அதிர்வெண் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கடத்துதிறன் மாறாதிருக்கும்வரை, சற்றே மின்கடத்தும் ஊடகத்தில் எல்லா அதிர்வெண் அலைகளும் ஒரே வீதத்தில் மெலிகின்றன. நல்ல கடத்தியில் அப்படியில்லை. அங்கே அதிர்வெண் கூடக்கூட அலை நுழையும் ஆழம் குறைந்துகொண்டே போகும்.

மாக்ஸ்வெல் தம் கணக்கைத் தங்கத்தகட்டின் மீது சோதித்தார். தகட்டின் மின்தடையை சார்லஸ் ஹாக்கின் அளந்து கொடுத்தார். கணக்கு இசையவில்லை. கோட்பாடு அனுமதித்ததைவிட மிக அதிகமான ஒளி தகட்டின் வழியே புகுந்தது. எதிர்த்திசையிலும் ஒரு முரண்பாட்டை அவர் குறித்தார்: உப்புக் கரைசல் போன்ற மின்பகுளிகள் மின்சாரத்தை நன்றாகவே கடத்துகின்றன, ஆனால் ஒளிக்குத் தெளிவாக இருக்கின்றன. ஒளியின் ஒவ்வோர் அரை அதிர்விலும் மின்விசை திசைமாறும்போது ஏற்படும் இழப்பு, நீடித்த மின்னோட்டத்தில் ஏற்படும் இழப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று அவர் ஊகித்தார்.

அந்த ஊகம் சரியானது. சூத்திரத்தில் தவறில்லை. மின்கலத்தோடு இணைத்து அளந்த σவை, நொடிக்குப் பல நூறு லட்சம் கோடி முறை அதிரும் அலைக்குப் பொருத்தியதில்தான் தவறு இருந்தது. இந்தச் சிக்கல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு பனிக்கட்டியில் தலைகீழாகத் திரும்ப வந்தது. அதைப் பின்னர் காண்போம்.

2. ஹெவிசைடும் இல்லாத காந்தக் கடத்துதிறனும்

மாக்ஸ்வெல்லின் கவனம் மெலிவில் இருந்தது. அலையின் இரு பாதிகளையும் சமமாக நிறுத்தி ஒப்பிடும் பார்வை ஆலிவர் ஹெவிசைடிடமிருந்து வந்தது. தந்தி இயக்குநராக வேலை பார்த்து, பிறகு தாமாகவே கணிதம் கற்றவர் அவர். 1880களில் ‘தி எலக்ட்ரீஷியன்’ இதழில் தொடர்ந்து எழுதி, மாக்ஸ்வெல்லின் கோட்பாட்டை மின்புலம், காந்தப்புலம் என்ற இரண்டையே மையமாகக் கொண்ட இணைச் சமன்பாடுகளாகச் சுருக்கினார். அவ்வாறு எழுதியதும் ஒரு சமச்சீரின்மை கண்ணில் பட்டது. ஒரு சமன்பாட்டில் σE என்ற இழப்பு உறுப்பு இருக்கிறது. அதன் இணையில் அப்படி எதுவும் இல்லை.

தள அலைக்கு அவற்றை இப்படி எழுதலாம்:

∂H/∂z = −σE − ε ∂E/∂t
∂E/∂z = −μ ∂H/∂t

பின்தங்கல் எங்கிருந்து வருகிறது என்பதற்கான விடை இரண்டாவது வரியில் இருக்கிறது. அதைச் சற்று நின்று பார்ப்போம். ஓரிடத்தில் மின்புலம் உச்சம் தொடும் கணத்தை எடுத்துக்கொள்வோம். மெலியாத அலையில், அந்த இடத்தில் மின்புலத்தின் இடச்சரிவு சுழி; அலையின் முகடு அங்கே தட்டையாக நிற்கிறது. எனவே ∂H/∂t சுழி. காந்தப்புலமும் அதே கணத்தில் உச்சத்தில் இருக்கிறது. மெலியும் அலையில் நிலை வேறு. அதே கணத்தில் கோசைனின் சரிவு சுழியாக இருந்தாலும் e^(−αz) என்ற காரணியின் சரிவு எஞ்சி நிற்கிறது: ∂E/∂z = −αE. இரண்டாவது சமன்பாட்டின்படி ∂H/∂t = αE/μ. இது நேர்மதிப்பு. அதாவது, மின்புலம் உச்சம் தொட்டுவிட்ட கணத்தில் காந்தப்புலம் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அதன் உச்சம் பிறகுதான் வரும். எவ்வளவு பிறகு என்பதையும் அதே சமன்பாடு சொல்லிவிடுகிறது. பின்தங்கும் கோணம் φ எனில்

tan φ = α/β

இது தோராயமன்று, கடத்துதிறன் கூடினாலும் குறைந்தாலும் பொருந்தும் துல்லியமான உறவு. இழப்புக் கோணம் δவை tan δ = σ/(ωε) என்று வரையறுத்தால் φ = δ/2 என்றும் எழுதலாம். கடத்துதிறன் மிகும்போது δ 90 பாகையை நெருங்கும். φ 45 பாகையை நெருங்கும். அதைத் தாண்டாது.

அப்படியானால் மெலிவு இருந்தால் பின்தங்கல் இருந்தே ஆக வேண்டுமா? இல்லை என்று காட்டியதுதான் ஹெவிசைடின் பங்களிப்பு. இயற்கையில் இல்லாத ஒரு காந்தக் கடத்துதிறனை, σ* என்க, அவர் இரண்டாவது சமன்பாட்டில் சேர்த்துப் பார்த்தார். அப்போது அது ∂E/∂z = −σ*H − μ ∂H/∂t என்றாகிறது. மின்பக்க இழப்பும் காந்தப்பக்க இழப்பும் σ/ε = σ*/μ என்ற விகிதத்தில் சமமானால், −αE என்ற எஞ்சிய சரிவை −σ*H முழுவதுமாக ஈடுசெய்துவிடுகிறது. ∂H/∂t மீண்டும் சுழியாகிறது. அலை மெலிகிறது, ஆனால் இரு புலங்களும் இம்மியும் பிசகாமல் ஒன்றாகவே உச்சம் தொடுகின்றன. அலையின் வடிவமும் சிதைவதில்லை.

இது வெறும் கணித விளையாட்டாக இருக்கவில்லை. இதே கணக்கு தந்திக் கம்பியில் உண்மையான பொருள் பெற்றது. கம்பியின் தடை R, தன்மின்தூண்டல் எண் L, காப்பின் கசிவு G, மின்தேக்குத்திறன் C எனில், R/L = G/C என்ற நிபந்தனை நிறைவேறும்போது சைகை மெலியுமே தவிர உருக்குலையாது என்று 1887இல் அவர் காட்டினார். அங்கே கம்பியின் தடை, ஊடகத்தில் இல்லாத காந்தக் கடத்துதிறனின் இடத்தை நிரப்புகிறது.

இரு வகை இழப்பும் உள்ள ஊடகத்துக்குப் பொதுவிதி இப்படி அமைகிறது. மின் இழப்புக் கோணம் δₑ, காந்த இழப்புக் கோணம் δₘ என்றால், மெலிவைத் தீர்மானிப்பது அவற்றின் கூட்டலில் பாதி. பின்தங்கலைத் தீர்மானிப்பது அவற்றின் வித்தியாசத்தில் பாதி. காந்த இழப்பு இல்லாத சாதாரண ஊடகத்தில் இரண்டும் δ/2 ஆகிவிடுவதால்தான், மெலிவும் பின்தங்கலும் பிரிக்க முடியாத ஒரே நிகழ்வு போலத் தோன்றுகின்றன.

ஆற்றலின் கணக்கும் இதற்கு இசைகிறது. ஜான் ஹென்றி பாயின்டிங் 1884இல் தந்த ஆற்றல் பாய்வுத் தேற்றத்தின்படி, அலை ஒவ்வொரு மீட்டரிலும் இழக்கும் ஆற்றல் σE²இன் சராசரியாகிய வெப்பத்துக்குச் சரியாகச் சமம். பின்தங்கலால் ஆற்றல் பாய்வில் cos φ என்ற காரணி நுழைகிறது என்பது உண்மைதான். ஆனால் சற்றே மின்கடத்தும் ஊடகத்தில் அது 1இலிருந்து மிகச் சிறிதளவே விலகுகிறது. அலை மெலிவதற்குக் காரணம் பின்தங்கல் என்று மாணவர்கள் சிலர் எழுதுவதுண்டு. காரணம் ஊடகத்தில் எழும் வெப்பம். பின்தங்கல் அந்த இழப்பு மின்பக்கத்தில் மட்டுமே நேர்வதன் அடையாளம்.

3. நிலத்தின் மேல் தெரிந்த பின்தங்கல்

ஊடகத்துக்குள் காந்தப்புலம் எவ்வளவு பின்தங்குகிறது என்பதை வெளியிலிருந்து எப்படி அறிவது? கம்பியில்லாத் தந்தி பரவிய காலத்தில் இதற்கு வழி பிறந்தது. ஜெர்மன் இயற்பியலாளர் யோனதன் ட்செனெக் 1907இல், நிலப்பரப்பையும் கடற்பரப்பையும் ஒட்டிச் செல்லும் அலையைக் கணக்கிட்டார். நிலம் முழுமையான கடத்தியாக இருந்தால் பரப்பின் மேல் மின்புலம் செங்குத்தாக நிற்கும். நிலம் அரைகுறையாகக் கடத்துமானால் மின்புலத்துக்குச் சிறு கிடைக்கூறு ஒன்று உண்டாகிறது. அலைமுகம் முன்னோக்கிச் சாய்கிறது.

அந்தக் கிடைக்கூறுக்கும் பரப்பிலுள்ள காந்தப்புலத்துக்கும் இடையிலான கட்ட வேறுபாடுதான், நிலத்துக்குள் இறங்கும் அலையின் பின்தங்கல். பரப்பின் இருபுறமும் புலங்களின் கிடைக்கூறுகள் தொடர்ச்சியாக இருந்தாக வேண்டும் என்பதே இதற்குக் காரணம். கிடைக்கூறும் செங்குத்துக்கூறும் வெவ்வேறு கட்டத்தில் அதிர்வதால் மின்புலத்தின் முனை ஒரு குறுகிய நீள்வட்டத்தை வரைகிறது. சிறிய அலைவாங்கி ஒன்றைச் சுழற்றி அந்த நீள்வட்டத்தின் சாய்வையும் அகலத்தையும் அளந்தால், மண்ணைத் தோண்டாமலேயே அதன் விடுதிறனையும் கடத்துதிறனையும் மதிப்பிடலாம்.

மண்ணை எடுத்துக்கொண்டு அளவுகளைப் பார்ப்போம். விடுதிறன் வெற்றிடத்தினுடையதைப்போல் 10 மடங்கு, கடத்துதிறன் மீட்டருக்கு 0.001 சீமென்ஸ் என்க. 10 மெகாஹெர்ட்ஸில் tan δ = 0.18, பின்தங்கல் 5.1 பாகை; மெலிவு மீட்டருக்கு ஏறத்தாழ அரை டெசிபெல். மண் இங்கே சற்றே மின்கடத்தும் ஊடகம். தோராயச் சூத்திரத்தின் பிழை அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அதே மண்ணில் 1 மெகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால் tan δ 1.8 ஆகிவிடுகிறது. பின்தங்கல் 30 பாகையைத் தாண்டுகிறது. தோராயச் சூத்திரம் இப்போது மெலிவை ஏறத்தாழ 24 விழுக்காடு மிகைப்படுத்துகிறது. பின்தங்கலை tan δ/2 ரேடியன் என்று எடுத்தால் 50 பாகைக்கு மேல் வரும். அது 45 பாகை என்ற உச்ச வரம்பையே மீறுகிறது. அப்படி ஒரு விடை வந்தால், தோராயம் அதன் எல்லையைக் கடந்துவிட்டது என்று அறியலாம். சற்றே மின்கடத்துவது என்பது பொருளின் நிலையான குணமன்று. பொருளும் அதிர்வெண்ணும் சேர்ந்து தீர்மானிப்பது அது.

பின்தங்கலை ஊடகத்தின் இயல்பாகவே வரையறுத்தவர் பெல் ஆய்வகத்தின் செர்கெய் ஷெல்குனாஃப். மின்சுற்றுக்குரிய மின் எதிர்ப்பு என்ற கருத்தை 1938ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் அலைகளுக்கும் விரித்தார். மின்புலத்துக்கும் காந்தப்புலத்துக்கும் உள்ள விகிதம் ஊடகத்தின் உள்ளார்ந்த மின் எதிர்ப்பு:

η = √( jωμ / (σ + jωε) )

இது ஒரு கலப்பெண். அதன் அளவு இரு புலங்களின் வீச்சு விகிதம். அதன் கோணம் பின்தங்கல். வெற்றிடத்தில் அது ஏறத்தாழ 377 ஓம், கோணம் சுழி. இதற்குப் பிறகு எதிரொளிப்பு, திரையிடல், உறிஞ்சல் ஆகிய எல்லாவற்றையும் ஒரு மின்சுற்றைப் போலவே கணக்கிட முடிந்தது. 1941இல் வெளியான ஜூலியஸ் ஸ்ட்ராட்டனின் நூல் உள்ளிட்ட பெருநூல்கள் வழியாகத் தள அலையின் இந்தக் கணக்கு வகுப்பறைகளில் நிலைபெற்றது.

4. பனிப்பாளத்தின் அடியில்: கணக்கிட்ட ஓர் எடுத்துக்காட்டு

சற்றே மின்கடத்தும் ஊடகத்துக்கு இயற்கை தந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு துருவப் பனிப்பாளம். தடித்த பனியின் மேல் பறந்த விமானங்களின் ரேடார் உயரமானிகள் தவறான உயரத்தைக் காட்டின. ரேடியோ அலை பனியின் மேற்பரப்பிலேயே திரும்பாமல் உள்ளே புகுந்து அடியிலிருந்தும் எதிரொலித்தது. இந்தப் பிழைகளை ஆராய்ந்து வெளியிட்டவர்களில் ஒருவர் அமெரிக்கத் தரைப்படை ஆய்வகத்தின் அமோரி வெய்ட். இந்தப் பிழையையே அளவு முறையாக மாற்றும் வேலையில் கேம்பிரிட்ஜின் ஸ்காட் துருவ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டான்லி எவன்ஸ் 1960களில் முன்னின்றார். பின்னர் அந்த நிறுவனமும் அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையும் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 60 மெகாஹெர்ட்ஸ் ரேடாரால் அண்டார்டிகாவின் பெரும்பகுதியை விமானத்திலிருந்து அளந்தன.

அந்த 60 மெகாஹெர்ட்ஸ் அலையைப் பனிக்குள் பின்தொடர்வோம். பனிக்கட்டியின் விடுதிறன் வெற்றிடத்தினுடையதைப்போல் 3.15 மடங்கு. கடத்துதிறன் மீட்டருக்கு 10 மைக்ரோசீமென்ஸ் என்று எடுத்துக்கொள்வோம். பனிக்குள் அலைநீளம் 2.8 மீட்டர். tan δ ஏறத்தாழ 0.00095. காந்தப்புலம் மின்புலத்துக்குப் பின்தங்குவது 0.027 பாகை மட்டுமே. எந்தப் புலக்கருவியும் பனிக்குள் இந்தக் கோணத்தை நேரடியாக அளக்கப்போவதில்லை.

ஆனால் அதே சிறிய எண் மெலிவில் பெரிதாக வந்து நிற்கிறது. α/β = tan φ என்பதால், ஓர் அலைநீளத்துக்கு ஏற்படும் மெலிவு 2π × tan φ. இங்கே அது ஏறத்தாழ 0.003, அதாவது ஓர் அலைநீளத்தில் வீச்சு ஆயிரத்தில் மூன்று பங்கு குறைகிறது. ஒரு கிலோமீட்டரில் 350க்கும் மேற்பட்ட அலைநீளங்கள் அடங்குகின்றன. கூட்டிப்பார்த்தால் கிலோமீட்டருக்கு 9.2 டெசிபெல். 3 கிலோமீட்டர் பனியின் அடிவரை சென்று திரும்பும் எதிரொலி 55 டெசிபெல் இழக்கிறது. அதன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஓரிடத்தில் கண்ணுக்கே தெரியாத பின்தங்கல், தொலைவில் மெலிவாகக் குவிந்து தன்னைக் காட்டிக்கொள்கிறது.

பனிக்கு அடியில் ஏரிகள் இருக்கலாம் என்பதற்கு இந்த எதிரொலிகளே சான்றாயின. ஆஸ்வால்டும் ராபினும் 1973இல் ‘நேச்சர்’ இதழில் அண்டார்டிகப் பனியின் அடியிலுள்ள ஏரிகளைப் பற்றி எழுதினர். பனிக்கும் தண்ணீருக்கும் இடையிலான எல்லை, விழும் ஆற்றலில் பாதிக்குச் சற்றுக் குறைவானதைத் திருப்பி அனுப்புகிறது. பனிக்கும் உலர்ந்த பாறைக்கும் இடையிலான எல்லை இரண்டு மூன்று விழுக்காட்டையே அனுப்புகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 12 டெசிபெல். எதிரொலி பிரகாசமாக இருந்தால் அடியில் தண்ணீர் என்று சொல்லத் தோன்றும்.

அங்கேதான் பிழை காத்திருக்கிறது. 55 டெசிபெல் மெலிவு என்பது σ சரியாகத் தெரிந்தால் கிடைக்கும் எண். σவை 20 விழுக்காடு மிகையாகக் கொண்டுவிட்டால், மெலிவுக்காக நாம் ஈடுசெய்யும் தொகை 11 டெசிபெல் கூடிவிடுகிறது. உலர்ந்த பாறை ஏரியைப் போல மின்னும். தூய பனியின் கடத்துதிறன், பனிப்பாளங்களில் வழக்கமான வெப்பநிலைகளில், ஒரு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்கிறது. எனவே பனியின் சராசரி வெப்பநிலையில் 2 பாகைப் பிழை இருந்தாலே ஏரி ஒன்று கணக்கில் தோன்றலாம் அல்லது மறையலாம். பனியில் கலந்திருக்கும் அமில மாசுகளும் σவை மாற்றுகின்றன. ஒரு பெரும்பரப்பு முழுவதற்கும் ஒரே மெலிவு எண்ணை வைத்து அடிப்பரப்பைப் படிப்பதில் உள்ள இந்த ஆபத்தை கெனிச்சி மட்சுவோக்கா 2011இல் விரிவாக எடுத்துக்காட்டினார். அதனால்தான் ஏரி என்று முடிவுகட்ட பிரகாசம் மட்டும் போதாது. எதிரொலி நெடுந்தொலைவுக்குக் கண்ணாடி போலச் சீராக இருக்கிறதா, அடிப்பரப்பு தட்டையாக இருக்கிறதா, அதன் மேலுள்ள பனியின் மேற்பரப்பும் அதற்கேற்பத் தட்டையாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வோஸ்டாக் ஏரியின் பரப்பும் ஆழமும் 1996இல் நிறுவப்பட்டபோது, ரேடார் எதிரொலிகளோடு செயற்கைக்கோள் அளந்த பனிமேற்பரப்பு உயரமும் நில அதிர்வு அளவீடுகளும் சேர்ந்தே சான்றளித்தன.

5. திரும்பி வந்த மாக்ஸ்வெல்லின் சிக்கல்

பனிக்கட்டியின் கடத்துதிறனை மின்கலத்தோடு இணைத்து அளந்தால், மேலே எடுத்துக்கொண்ட மதிப்பைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைவாகவே வருகிறது. அந்த மதிப்பு உண்மையானால் மெலிவு கிலோமீட்டருக்கு நூறில் ஒரு டெசிபெல்தான் இருக்க வேண்டும். அலையோ அதைவிட மிகக் கூடுதலாக மெலிகிறது. தங்கத்தகட்டில் அளந்த மின்தடை எதிர்பார்க்கச் செய்ததைவிடக் குறைவாக ஒளி மெலிந்தது. பனியில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ரேடியோ அலை மெலிகிறது.

இதற்கான விடை பீட்டர் டெபையின் கோட்பாட்டில் இருக்கிறது. 1913இல் முன்வைத்து 1929ஆம் ஆண்டு நூலில் விரித்த அக்கோட்பாட்டின்படி, முனைவுள்ள மூலக்கூறுகள் மின்புலத்துக்கேற்பத் திரும்ப ஒரு குறிப்பிட்ட தளர்வு நேரம் எடுத்துக்கொள்கின்றன. பனியில் −10 பாகை செல்சியஸில் அந்த நேரம் ஏறத்தாழ 60 மைக்ரோநொடி. மெதுவாக மாறும் புலத்தில் பனியின் ஒப்பு விடுதிறன் நூறை நெருங்கும். 60 மெகாஹெர்ட்ஸில் மூலக்கூறுகளால் புலத்தைப் பின்தொடர முடிவதில்லை, விடுதிறன் 3.15க்கு இறங்கிவிடுகிறது. ஆயினும் அவை ஒவ்வொரு சுழற்சியிலும் திரும்ப முயன்று சிறிது ஆற்றலை வெப்பமாக்குகின்றன. தளர்வு அதிர்வெண்ணைவிட மிக உயர்ந்த அதிர்வெண்களில் இந்த இழப்பு, மாறாத ஒரு கடத்துதிறனைப் போலவே நடந்துகொள்கிறது. விடுதிறன் வேறுபாட்டைத் தளர்வு நேரத்தால் வகுத்தால் மீட்டருக்கு 13 அல்லது 14 மைக்ரோசீமென்ஸ் வருகிறது. ரேடார் அளவீடுகள் தரும் அளவுக்கு இது அருகில் இருக்கிறது.

ஆக, பனிக்குள் ரேடியோ அலை உணரும் σ, பனியில் ஓடும் மின்னோட்டத்தால் மட்டும் வருவதன்று. மூலக்கூறுகள் தாமதமாகத் திரும்புவதால் வருவதே அதில் பெரும்பங்கு. அலைக்கு இந்த இரண்டும் ஒன்றே. மெலிவும் பின்தங்கலும் tan δவை மட்டுமே அறியும். அந்த δ கடத்தலால் வந்ததா, தளர்வால் வந்ததா என்று ஒரே அதிர்வெண்ணில் அளந்து கண்டுபிடிக்க முடியாது. அதிர்வெண்ணை மாற்றிப் பார்க்க வேண்டும். அதிர்வெண்ணைப் பல கிலோஹெர்ட்ஸ்வரை இறக்கினால் தளர்வு தன்னைக் காட்டிக்கொள்ளும். விடுதிறன் ஏறும், σ குறையும், α ≈ (σ/2)√(μ/ε) என்ற எளிய சூத்திரத்தை ஒரே எண்களோடு பயன்படுத்த முடியாமல் போகும். அண்டார்டிகாவில் 35, 60 மெகாஹெர்ட்ஸ் போன்ற வெவ்வேறு அதிர்வெண்களில் வேலை செய்த ரேடார்களின் மெலிவுகளை ஒப்பிட முடிந்ததற்குக் காரணம், அவை அனைத்தும் இந்தத் தட்டையான பகுதியில் இருந்ததே.

முடிவுரை

மாக்ஸ்வெல்லின் இரு நிபந்தனைகள் 1865 முதல் மாறவே இல்லை. மாறியது அவற்றிலுள்ள எழுத்துகளுக்கு நாம் தரும் பொருள். தங்கத்தகடு, σவை அலையின் அதிர்வெண்ணிலேயே அளக்க வேண்டும் என்று சொன்னது. ஹெவிசைடின் கற்பனை ஊடகம், மெலிவும் பின்தங்கலும் தனித்தனிக் கேள்விகளுக்கான விடைகள் என்று காட்டியது. ட்செனெக்கின் கணக்கு பின்தங்கலை நிலத்தின் மேல் அளக்கும் வழியைத் திறந்தது. ஷெல்குனாஃப் அதை ஊடகத்தின் மின் எதிர்ப்பிலுள்ள கோணமாக வரையறுத்தார்.

ஹெவிசைடின் கற்பனை ஊடகம் வீணாகவும் இல்லை. மின்காந்த அலைகளைக் கணினியில் உருவகப்படுத்துவோர், கணக்கிடும் பகுதியின் ஓரங்களில் அலை எதிரொலிக்காமல் தேய்ந்து மறைய வேண்டும் என்று விரும்புகின்றனர். 1994இல் ழான்-பியர் பெரெங்கே முன்வைத்த முழுப்பொருத்த அடுக்கு அதற்கு விடையாயிற்று. அந்த அடுக்கில் அவர் வைத்த நிபந்தனை, ஹெவிசைடு எழுதிய அதே σ/ε = σ*/μ. அங்கே இழப்பு உண்டு, பின்தங்கல் இல்லை. உள்ளார்ந்த மின் எதிர்ப்பு வெற்றிடத்தினுடையதாகவே இருப்பதால் எதிரொலிப்பும் இல்லை.

இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் சூத்திரங்களைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன், மின்புலம் உச்சம் தொடும் கணத்தில் காந்தப்புலம் இன்னும் ஏறிக்கொண்டிருப்பதை இரண்டாவது சமன்பாட்டிலிருந்து காட்டிவிட வேண்டும். அதைக் கண்ட மாணவர் φ = δ/2 என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மெலிவை மட்டும் அளந்தவருக்கு ஊடகத்தின் மொத்த இழப்பு மட்டுமே தெரியும். பின்தங்கலையும் சேர்த்து அளந்தவரால்தான் அந்த இழப்பு எந்தப் பக்கத்தில் நேர்ந்தது என்று சொல்ல முடியும்.